சாவி யார் கையில்? பிளாக்செயின் பேச்சுக்குக் கேள்வி தயாரிப்பது எப்படி

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கோயில் மண்டபங்களிலும் சங்கக் கூட்டங்களிலும் பிளாக்செயின் பற்றிப் பேச ஆள் கூப்பிடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. பேச்சாளர் திரையில் படம் போடுவார். "யாராலும் மாற்ற முடியாது", "நடுவில் ஆளே தேவையில்லை" என்பார். பின்வரிசையில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். கேள்வி நேரம் வந்தால் "பிட்காயின் விலை ஏறுமா?" என்று ஒருவர் கேட்பார், அதோடு முடிந்துவிடும்.

அப்படிப்பட்ட கூட்டத்துக்கு முதல் தடவை போகிறவர்களுக்காகவும், கூட்டத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கணினி படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. பிளாக்செயின் என்பது பல கணினிகளில் ஒரே மாதிரி பிரதியாக வைக்கப்படும், பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த பதிவேடு. கீழே சங்கிலி என்று சொல்வதும் அதைத்தான். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: பிளாக்செயின் நம்பிக்கையை ஒழிப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துகிறது. அது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று பேச்சாளரைச் சொல்ல வைப்பதுதான் நம் வேலை.

முதலில், பேச்சாளரின் வாக்குறுதியை ஒரு வரியில் எழுதுங்கள்

அழைப்பிதழிலேயே பெரும்பாலும் அது இருக்கும். "இதனால் இன்னார், இன்னாரை நம்பாமலே, இன்ன காரியம் செய்யலாம்" என்ற வடிவில் எழுதிப் பாருங்கள். மூன்று இடங்களையும் நிரப்ப முடியவில்லை என்றால் அதுவே உங்கள் முதல் கேள்வி.

இங்கே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பிடித்துப் போகலாம். "கோயிலுக்கு வரும் ஒவ்வொரு நன்கொடையையும் பிளாக்செயினில் பதிவோம். அப்புறம் கமிட்டியை நம்பவே வேண்டாம், கணக்கு தானே பேசும்" என்று ஒருவர் திட்டம் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரியில் எழுதினால்: நன்கொடை கொடுப்பவர், கமிட்டியை நம்பாமலே, தன் பணம் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. இனி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.

முதல் பதிவை எழுதுவது யார்?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியம். நேரம் ஒரு கேள்விக்குத்தான் என்றால் இதைக் கேளுங்கள்.

காவடித் திருவிழா அன்று ஓர் அம்மா 500 ரேண்ட் கொடுக்கிறார். மேசையில் இருக்கும் தம்பி கைபேசியில் 50 என்று தட்டுகிறார். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, சங்கிலிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அது 50 என்பதைப் பத்திரமாக, யாராலும் மாற்ற முடியாதபடி, ஆயிரம் கணினிகளில் வைத்துக் காப்பாற்றும். எழுதப்பட்ட பிறகு மாறவில்லை என்பதற்குத்தான் பிளாக்செயின் சாட்சி. எழுதியது உண்மையா என்பதற்கு அது சாட்சியே இல்லை.

இப்போது நடக்கும் முறையைப் பாருங்கள். கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம் இருக்கிறது. அசல் அந்த அம்மாவின் கைக்குப் போகிறது. மாலையில் இரண்டு பேர் சேர்ந்து பணத்தை எண்ணுகிறார்கள், வங்கியில் கட்டிய சீட்டைக் கோப்பில் சேர்க்கிறார்கள், ஆண்டு இறுதியில் தணிக்கையாளர் ரசீது எண்களை வரிசையாகப் பார்க்கிறார். 50 என்று எழுதினால் அந்த அம்மாவே "ஏன்பா, நான் ஐந்நூறு கொடுத்தேனே" என்று அங்கேயே கேட்டுவிடுவார். நம்பகத்தன்மை வருவது அந்த அசல் ரசீதிலிருந்தும் இரண்டு பேர் எண்ணுவதிலிருந்தும்தான். புதுத் திட்டத்தில் அந்த இரண்டும் இருக்கின்றனவா? இருந்தால் சங்கிலி கூடுதலாக என்ன செய்கிறது? இல்லாவிட்டால், இருந்த காவலையும் எடுத்துவிட்டோமே?

கேள்வியை இப்படி வையுங்கள்: "வெளியில் நடக்கும் ஒரு விஷயம் பதிவாக மாறும் அந்த நிமிடத்தில், அதைச் சரிபார்ப்பது யார்? அவர் பொய் எழுதினால் யாருக்கு, எப்படித் தெரியும்?" "சென்சார் எழுதும்", "செயலி தானாக எழுதும்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். அந்தச் சென்சாரைப் பொருத்துவது யார், செயலியை இயக்குவது யார் என்று ஒரு படி கீழே இறங்குங்கள். எப்போதும் ஒரு மனிதரிலோ நிறுவனத்திலோதான் போய் முடியும். பிட்காயின் போன்றவற்றுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே பொருளே சங்கிலிக்குள் பிறக்கிறது. வெளியிலிருந்து யாரும் வந்து "இவ்வளவு இருக்கிறது" என்று சொல்ல வேண்டியதில்லை. உண்மையான பயன்களைப் பிரித்துக் காண இந்த வேறுபாடு நல்ல அளவுகோல்.

இந்த ஓட்டையில் எவ்வளவு பெரிய பணம் போக முடியும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவே சாட்சி. ஸ்டெல்லன்போஷைத் தளமாகக் கொண்ட மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம், மக்களிடம் பிட்காயினாக வாங்கி, தானியங்கி மென்பொருள் வணிகம் செய்து லாபம் தருவதாகச் சொன்னது. 2020 ஆகஸ்டிலேயே நிதித்துறை நடத்தை ஆணையம் எச்சரித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனத்தின் தலைவர் ஜோஹன் ஸ்டெய்ன்பெர்க் பிரேசிலுக்குப் போய்த் தலைமறைவானார். 2022இல் அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பு தொடுத்த வழக்கில் குறிப்பிட்ட கணக்கு, குறைந்தது 29,421 பிட்காயின், அதாவது 170 கோடி டாலருக்கும் மேல். 2023இல் வெஸ்டர்ன் கேப் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதத் திட்டம் என்று தீர்ப்பளித்தது.

இதில் கவனிக்க வேண்டியது: பிட்காயின் சங்கிலி ஒரு இடத்திலும் பழுதாகவில்லை. காசு யாரிடமிருந்து எந்த முகவரிக்குப் போனது என்பது அச்சுப் பிசகாமல் அங்கேயே இருக்கிறது. பொய் இருந்தது உறுப்பினர்கள் திரையில் பார்த்த தினசரி லாப எண்ணில். அந்த எண்ணைச் சங்கிலி எழுதவில்லை, நிறுவனம் எழுதியது. "எங்கள் திட்டம் பிளாக்செயின்மேல் நிற்கிறது" என்று ஒருவர் சொன்னால், நீங்கள் பார்க்கும் எந்த எண் சங்கிலியிலிருந்து வருகிறது, எந்த எண் அவர்களுடைய சர்வரிலிருந்து வருகிறது என்று பிரித்துக் கேட்க வேண்டியது இதனால்தான்.

மாற்ற எத்தனை கையெழுத்து போதும்?

"யாராலும் மாற்ற முடியாது" என்பது அரை வாக்கியம். "இத்தனை பேர் சேராமல் மாற்ற முடியாது" என்பதுதான் முழு வாக்கியம். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ரோனின் என்ற வலையமைப்பு நல்ல பாடம். அது ஒரு கணினி விளையாட்டுக்காகக் கட்டப்பட்டது. பணத்தை வெளியே எடுக்க ஒன்பது சரிபார்ப்பவர்களில் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது பேர் என்றதும் பரவலாக இருப்பதுபோலத் தெரிகிறது, இல்லையா? கையெழுத்துப் போட ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசிய எண் உண்டு, அதற்குப் பெயர் சாவி. ஆனால் அந்த ஒன்பதில் நான்கு சாவிகள் விளையாட்டை நடத்திய ஒரே நிறுவனத்திடம் இருந்தன. ஐந்தாவது சாவியின் சார்பில் கையெழுத்துப் போடும் அனுமதியையும், 2021 நவம்பரில் வேலைப் பளு தாங்காமல், அதே நிறுவனத்துக்குத் தற்காலிகமாகக் கொடுத்திருந்தார்கள். டிசம்பரில் அந்த ஏற்பாடு முடிந்தது, அனுமதியை மட்டும் யாரும் திரும்ப எடுக்கவில்லை. 2022 மார்ச் 23 அன்று திருடர்கள் அந்த ஒரு நிறுவனத்துக்குள் புகுந்தார்கள். ஐந்து கையெழுத்தும் கிடைத்துவிட்டது. 60 கோடி டாலருக்கும் மேல் போனது. அதைவிட வேடிக்கை, ஆறு நாள் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பயனர் தன் பணத்தை எடுக்க முடியாமல் புகார் செய்த பிறகுதான் வெளிவந்தது. பதிவேடு எல்லோர் கண்முன்னும் திறந்தே கிடந்தது. பார்க்க ஆள் இல்லை.

ஆகவே இங்கே மூன்று துணைக் கேள்விகள் இருக்கின்றன. மொத்தம் எத்தனை சாவி, எத்தனை போதும்? அந்தச் சாவிகள் எத்தனை தனித்தனி நிறுவனங்களின் கையில், எத்தனை இடங்களில் இருக்கின்றன? யாராவது தப்பு செய்தால் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது யாருடைய வேலை, அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் வராத இடங்கள் நிறைய.

நம் கோயில் திட்டத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். சங்கிலியை இயக்குவது நான்கு கணினிகள், நான்கும் திட்டம் கொண்டுவந்தவருடைய நிறுவனத்தின் வாடகை சர்வரில் என்றால், அது அவருடைய பதிவேடு, அவ்வளவுதான். கமிட்டியை நம்ப வேண்டாம் என்றார். இப்போது அவரை நம்ப வேண்டும். கமிட்டிக்காரர்களையாவது வெள்ளிக்கிழமை பூஜையில் பிடித்துக் கேட்கலாம்.

பெரிய பொதுச் சங்கிலிகளிலும் மாற்றம் நடந்திருக்கிறது. 2016 ஜூனில் எத்தீரியம் என்ற சங்கிலியில் தி டாவ் என்ற கூட்டு நிதியிலிருந்து, நிரலில் இருந்த ஒரு பிழை வழியாக, அந்தச் சங்கிலியின் காசான ஈத்தரில் 36 லட்சத்தை ஒருவர் உருவினார். ஜூலை 20 அன்று பெரும்பான்மையோர் மென்பொருளை மாற்றி, அந்தப் பணம் திரும்ப உரியவர்களுக்குப் போகும்படி செய்தார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் பழைய சங்கிலியிலேயே தொடர்ந்தார்கள். அதுதான் எத்தீரியம் கிளாசிக். நல்லதா கெட்டதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என் கட்சி, செய்தது சரிதான் என்பது. ஆனால் "நெருக்கடி வந்தால் முடிவெடுப்பது மனிதர்கள்" என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது. எனவே இன்னொரு கேள்வி: "பெரிய தவறு நடந்தால் திருத்துவது யார், எந்த விதிப்படி?" "திருத்தவே முடியாது" என்று பெருமையாகச் சொன்னால், அந்த 500 ரேண்ட் அம்மாவின் பதிவை எப்படிச் சரிசெய்வார்கள் என்று கேளுங்கள். "நாங்கள் திருத்துவோம்" என்றால், முதலில் சொன்ன வாக்குறுதி என்னவாயிற்று என்று கேளுங்கள். நேர்மையான பேச்சாளர் நடுவில் ஒரு பதில் சொல்வார்: பழைய பதிவு அப்படியே இருக்கும், கீழே திருத்தப் பதிவு ஒன்று சேரும், அதற்கு இன்ன இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். அது நல்ல பதில்.

சங்கிலி இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் முன் வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். லினக்ஸ் கணினியில் இதைத் தட்டுங்கள். மேக்கில் கடைசிச் சொல்லுக்குப் பதில் `shasum -a 256` என்று போட வேண்டும்.

```
printf 'abc' | sha256sum
```

விடை `ba7816bf` என்று தொடங்கி `15ad` என்று முடியும், மொத்தம் 64 எழுத்து. உலகத்தில் எந்தக் கணினியில் செய்தாலும் இதே விடைதான். இப்போது ஒரு எழுத்தை மாற்றித் திரும்பத் தட்டுங்கள். முழு வரியும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இதற்குப் பெயர் ஹாஷ். ஆயிரம் பக்கக் கணக்கானாலும் அதன் ஹாஷ் 64 எழுத்துதான். பக்கத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் ஹாஷ் காட்டிக்கொடுத்துவிடும். பிளாக்செயினில் "மாற்றினால் தெரிந்துவிடும்" என்ற குணத்துக்கு அடித்தளம் இதுதான், இதற்குக் காசும் வேண்டாம், வலையமைப்பும் வேண்டாம்.

ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்ற இருவர் 1991இலேயே இதை வைத்து ஆவணங்களுக்கு நேர முத்திரை குத்தும் வழியை எழுதிவிட்டார்கள். 1995 முதல் அவர்களுடைய நிறுவனம் வாரம் ஒருமுறை ஒரு ஹாஷை நியூயார்க் டைம்ஸ் விளம்பரப் பகுதியில் அச்சிட்டது. பழைய கணக்கைத் திருத்த வேண்டுமானால் நூலகங்களில் இருக்கும் பத்திரிகைப் பிரதிகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பிட்காயினுக்கு 13 ஆண்டு முன்னால் நடந்தது இது.

அதே முறையைக் கோயிலுக்குச் செய்யலாம். மாதக் கடைசியில் ரசீது எண்ணும் தொகையும் மட்டும் உள்ள பட்டியலைக் கோப்பாக்கி, அதன் ஹாஷை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, உறுப்பினர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள். முந்நூறு கைபேசிகளில் அது போய்விடும். ஆறு மாதம் கழித்துக் கமிட்டி பட்டியலைத் திருத்திக் காட்டினால் ஹாஷ் ஒத்துப்போகாது. செலவு இல்லை. முதலில் எழுதியது பொய்யென்றால் இதுவும் கண்டுபிடிக்காது, ஆனால் அந்தக் குறை சங்கிலிக்கும் உண்டு.

எனவே பேச்சாளரிடம்: "சாதாரணத் தரவுத்தளம், தணிக்கையாளர், வெளியிட்ட ஹாஷ் இந்த மூன்றும் இருந்தால் எது குறையும்?" இதற்குத் தெளிவான பதில் சொல்பவரை மதிக்கலாம். தெளிவான பதில் ஒன்று உண்டு: பதிவேட்டில் எழுத வேண்டியவர்கள் பலர், ஒருவரை ஒருவர் நம்புவதில்லை, யார் ஒருவரையும் பதிவாளராக ஏற்க மாட்டார்கள், வரிசையில் எது முதலில் வந்தது என்பதில் பணம் தங்கியிருக்கிறது. இந்த நான்கும் சேர்ந்த இடத்தில் சங்கிலிக்கு வேலை இருக்கிறது. முன்பின் தெரியாத இருவர், வங்கி இல்லாமல், ஒரே காசை இரண்டு தடவை செலவழிக்காமல் பார்த்துக்கொள்வது அப்படிப்பட்ட இடம். 2018இல் தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி ஏழு வங்கிகளோடு சேர்ந்து நடத்திய கோக்கா சோதனையும் அந்தப் பக்கம் சேர்ந்தது. நாட்டின் ஒரு நாள் வங்கிப் பரிமாற்ற அளவை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டினார்கள். வேகம் தெரிந்தது. ஆனாலும் நடுவில் ரிசர்வ் வங்கி இருக்கத்தான் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான்கும் இருப்பதுபோலத் தெரிந்தும் விழுந்த கதை ஒன்று துறைமுக நகரக்காரர்களான நமக்கு நெருக்கமானது. கொள்கலன் சரக்கு ஆவணங்களுக்காக மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் 2018இல் டிரேட்லென்ஸ் என்ற தளத்தைத் தொடங்கின. ஏற்றுமதியாளர், கப்பல், துறைமுகம், சுங்கம் என்று பலர் எழுத வேண்டிய பதிவேடு, ஒருவரை ஒருவர் நம்பாத ஆட்கள், காகிதத் தாமதம், எல்லாம் பொருத்தம். 2022 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்தார்கள். துறை முழுவதன் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்று அவர்களே காரணம் சொன்னார்கள். போட்டிக் கப்பல் நிறுவனங்களின் இடத்தில் இருந்து பாருங்கள்: போட்டியாளரான மேர்ஸ்க் நடத்தும் தளத்தில் தன் வியாபாரத்தை எழுத யாருக்கும் தயக்கம் இருக்காதா? தொழில்நுட்பம் தீர்க்காத கேள்வி அது. "இந்தத் தளத்தின் உரிமையாளர் யார், அவருடைய போட்டியாளர் ஏன் இதில் சேர வேண்டும்?" என்று ஒரு வரியில் கேட்டுவிடலாம்.

பெயரும் அடையாள எண்ணும் உள்ளே போகிறதா?

இதைச் சுருக்கமாகக் கேளுங்கள், பதிலை நன்றாகக் கவனியுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், பொப்பியா என்று நாம் சொல்வது, 2021 ஜூலை முதல் கட்டாயமாக அமலில் இருக்கிறது. தேவையில்லாமல் வைத்திருக்கும் தன் விவரத்தை அழிக்கச் சொல்ல அதில் உரிமை உண்டு. அழிக்க முடியாத பதிவேட்டில் பெயரைப் போட்டால்?

"பெயரைப் போடவில்லை, அடையாள எண்ணின் ஹாஷைத்தான் போடுகிறோம்" என்பார்கள். நம் அடையாள எண்ணில் 13 இலக்கம், அதில் முதல் ஆறு பிறந்த தேதி. ஒருவரின் பிறந்தநாள் தெரிந்தால் மிச்சத்துக்குச் சில பத்தாயிரம் சாத்தியங்களே இருக்கும், ஏனென்றால் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது, அதற்கு முந்தைய இரண்டு இலக்கங்களுக்கும் ஓரிரு மதிப்புகளே வரும். அத்தனைக்கும் ஹாஷ் போட்டு ஒத்துப்பார்க்க மடிக்கணினிக்கு ஒரு நொடி போதும். ஆக அது மறைத்ததாகாது.

மண்டபத்தில் கேட்கும் விதம்

ஒரு தடவைக்கு ஒரு கேள்வி. முன்னுரை வேண்டாம். "நான் பல வருஷமாக..." என்று தொடங்கினாலே பேச்சாளர் உங்கள் முன்னுரைக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கூட்டம் நடத்துபவர் என்றால் மேலே உள்ள கேள்விகளைப் பேச்சாளருக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். மடக்குவது நோக்கமில்லை, தயாராக வந்தால் நமக்குத்தான் லாபம். நல்லவர்கள் அதற்கேற்பப் பேச்சையே மாற்றிக்கொண்டு வருவார்கள்.

சில பதில்களை அடையாளம் கண்டுகொள்ளலாம். "அது ரொம்ப டெக்னிக்கல்" என்றால், "பரவாயில்லை, சாவி எத்தனை என்ற எண்ணை மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "பெரிய வங்கிகளே பயன்படுத்துகின்றன" என்றால், சோதனையா, தினசரி வேலையா என்று கேளுங்கள். "ஆரம்பத்தில் இன்டர்நெட்டையும் இப்படித்தான் சொன்னார்கள்" என்பது பதிலே இல்லை. பணிவாக அதே கேள்வியைத் திரும்பக் கேட்கலாம். "அது எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்பவர் மோசமில்லை, தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சு முடிந்து தேநீர் நேரத்தில் யாராவது பணம் போடச் சொன்னால் அது வேறு கூட்டம் ஆகிவிட்டது. 2022 அக்டோபரிலிருந்து கிரிப்டோ சொத்து இந்த நாட்டில் நிதிப்பொருள் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதுபற்றி ஆலோசனை சொல்லவோ இடைத்தரகு செய்யவோ நிதித்துறை நடத்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு, ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். அவர் காட்டும் சான்றிதழ்ப் படத்தை நம்ப வேண்டாம். பெயர் பொருந்துகிறதா, உரிமம் கிரிப்டோ சொத்துக்கும் சேர்த்துத்தானா என்று இரண்டையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் காப்பீடு விற்க வாங்கிய உரிமத்தைக் காட்டி இதை விற்பவர்களும் உண்டு. உரிமம் இருந்தால் ஏமாந்தபின் புகார் செய்ய ஓர் இடம் இருக்கிறது என்று அர்த்தம். லாபம் வரும் என்று அதற்கு அர்த்தமில்லை.